பக்கத்து ஃபீடரில் ஃபால்ட், நம் ஆலையில் ட்ரிப்: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், உச்சிப்புளி, தொண்டி என்று கடலை ஒட்டியிருக்கும் ஐஸ் பிளான்டுகளிலும் இறால் ஆலைகளிலும் மின்பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் சீக்கிரமே ஒரு புதிரைச் சந்திப்பார்கள். கரண்ட் போகவில்லை, ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகவில்லை. விளக்கு ஒரு தடவை மங்கிவிட்டு உடனே பழையபடி எரிகிறது. ஆனால் கண்டன்சர் பம்ப் நின்றிருக்கிறது, ஃபிரீசரின் பெல்ட் நின்றிருக்கிறது, கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கைக் கேட்டால் மோட்டாரில் கோளாறு என்பார். மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று ஃபேஸும் சரியாக இருக்கும்.

இது பெரும்பாலும் வோல்டேஜ் டிப். கரண்ட் முழுசாகப் போகாமல், வோல்டேஜ் மட்டும் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தாழ்ந்து திரும்புவது. வழக்கமான அளவின் 90 சதவீதத்துக்குக் கீழே, 10 சதவீதத்துக்கு மேலே, அரை சைக்கிளிலிருந்து ஒரு நிமிடம் வரை நீடிக்கும் தாழ்வை இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். நாம் பார்ப்பதில் அநேகமாக எல்லாமே ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும்.

காரணம் உங்கள் ஆலைக்குள் இல்லை, உங்கள் ஃபீடரில்கூட இல்லை. சப்ஸ்டேஷனில் ஒரே பஸ்ஸிலிருந்து நாலைந்து ஃபீடர்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றில் ஃபால்ட் வந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்தப் பக்கம் பாயும். அத்தனை கரண்டும் சப்ஸ்டேஷன் மின்மாற்றி வழியாகத்தான் வர வேண்டும். அதனால் மின்மாற்றிக்குள்ளேயே பெரும்பங்கு வோல்டேஜ் விழுந்துவிடும். பஸ்ஸில் மிச்சமிருப்பதுதான் உங்களுக்கு வரும். அந்த ஃபீடரின் பிரேக்கர் திறந்ததும் பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் போயிருக்கும். உங்களுக்குப் போகவில்லை, ஆனால் மெஷின் நின்றிருக்கும்.

முதல் வேலை: நேரத்தை எழுதுவது

பேனலைத் திறப்பதற்கு முன்னால் மணியைப் பாருங்கள், நிமிடம் வரைக்கும். பேனல் அறையில் ஒரு நோட்டு தொங்கட்டும். அதில் தேதி, நேரம், எது நின்றது, எது நிற்கவில்லை, விளக்கு மங்கியதா அல்லது அணைந்ததா, காற்று எப்படி இருந்தது, பனி இருந்ததா என்று ஷிப்டில் இருப்பவரே எழுத வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் கடிகாரம் இருந்தால் அதைக் கைபேசி நேரத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்து வையுங்கள். இருபது நிமிடம் தள்ளி ஓடும் கடிகாரத்தின் பதிவு எதற்கும் உதவாது.

அடுத்து சப்ஸ்டேஷனுக்கு ஒரு போன். அங்கே ஒவ்வொரு ஃபீடர் ட்ரிப்பும் நேரத்தோடும், எந்த ரிலே விழுந்தது என்ற குறிப்போடும் பதிவேட்டில் ஏறும். கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லுவார்கள்.

“அண்ணே, இறால் கம்பெனிலேருந்து பேசுறேன். காலைல அஞ்சு பத்துக்கு ஏதாச்சும் ஃபீடர் ட்ரிப் ஆச்சா?”

“ஆமாப்பா, கிராமத்து ஃபீடர் எர்த் ஃபால்ட்ல போச்சு. திரும்பப் போட்டோம், நின்னுக்கிச்சு.”

இந்த ஒரு வரிக்காகத்தான் நேரத்தை எழுதச் சொன்னது. உங்கள் நேரமும் அவர்கள் நேரமும் பொருந்தினால் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும் வேலை மிச்சம். “திரும்பப் போட்டோம், நின்னுக்கிச்சு” என்பதும் முக்கியமான தகவல். ஃபால்ட் நிரந்தரமானது இல்லை, ஒரு தீப்பொறியோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். எந்த ஃபீடரும் போகவில்லை என்று சொன்னால், 110 கிலோவோல்ட் லைனில் எங்காவது ஃபால்ட் வந்து விலகியிருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அப்போது மற்ற ஊர் ஆலைகளிலும் அதே நிமிடத்தில் ட்ரிப் ஆகியிருக்கும். தெரிந்தவர்கள் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம்.

எவ்வளவு தூரத்து ஃபால்ட் எவ்வளவு பாதிக்கும்

ஒரு சின்னக் கணக்கு போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பஸ்ஸில் மிஞ்சும் வோல்டேஜ் இதுதான்:

```
V = Zf / (Zs + Zf)
```

`Zs` என்பது சப்ஸ்டேஷன் மின்மாற்றியும் அதற்கு மேலிருக்கும் லைன்களும் சேர்ந்த தடை. `Zf` என்பது சப்ஸ்டேஷனிலிருந்து ஃபால்ட் நடந்த இடம் வரைக்குமான லைனின் தடை.

உதாரணத்துக்கு ஒரு 16 எம்.வி.ஏ., 110/11 கிலோவோல்ட் மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். அதன் இம்பிடன்ஸ் 10 சதவீதம் என்றால், 11 கிலோவோல்ட் பக்கத்தில் சுமார் 0.76 ஓம் வரும். மேலே இருக்கும் லைன்களுக்குக் கொஞ்சம் சேர்த்து `Zs` 0.9 ஓம் என்று வைப்போம். ஃபீடர் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.65 ஓம். மூன்று ஃபேஸும் சேர்ந்து ஃபால்ட் ஆகிற மோசமான நிலையில், ஃபால்ட் 1 கிலோமீட்டரில் நடந்தால் பஸ்ஸில் மிஞ்சுவது 42 சதவீதம். 3 கிலோமீட்டரில் நடந்தால் 68 சதவீதம், 8 கிலோமீட்டரில் நடந்தால் 85 சதவீதம். ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டால் இதைவிட ஐந்து முதல் ஒன்பது புள்ளி வரை கூடுதலாக வரும். ஆக இந்த எளிய கணக்கு சற்று பயந்த பக்கம்தான் நிற்கும், அதனால் கெடுதல் இல்லை.

உங்கள் பகுதியில் 22 கிலோவோல்ட் ஓடினால் எண்கள் மாறும், முறை மாறாது. சப்ஸ்டேஷன் மின்மாற்றியின் எம்.வி.ஏ.வையும் இம்பிடன்ஸ் சதவீதத்தையும் கேட்டு வாங்கி உங்களுக்கானதைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து ஃபீடர் 20 கிலோமீட்டர் நீளம் இருக்கலாம். ஆனால் உங்கள் மெஷினை நிறுத்துவது அதன் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் நடக்கும் ஃபால்ட்டில் விளக்கு கொஞ்சம் துடிக்கும், அவ்வளவே. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வாரியத்திடம் என்ன கேட்பது என்று தீர்மானிக்கும்போது இது உதவும்.

எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சப்ஸ்டேஷன் பக்கத்தில் வரும் ஃபால்ட்டில் கரண்ட் மிக அதிகம், அதனால் ரிலே தாமதமில்லாமல் வேலை செய்து சுமார் 100, 150 மில்லிவினாடியில் பிரேக்கர் திறந்துவிடும். தொலைவில் வரும் ஃபால்ட்டில் கரண்ட் குறைவு, ரிலே அரை வினாடி, ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளும். அதாவது ஆழமான டிப் குறுகியது, ஆழமில்லாத டிப் நீண்டது. ஆனால் 100 மில்லிவினாடி என்பது ஐந்து சைக்கிள். ஒரு கான்டாக்டர் விழுவதற்கு ஒன்றிரண்டு சைக்கிளே போதும்.

உப்பு ஒரு மாதிரி, பனை மட்டை வேறு மாதிரி

இந்தக் கரையில் ஃபால்ட்டுகளுக்கு இரண்டு பெரிய காரணங்கள். இரண்டும் ஆலைக்குள் வேறு வேறு விதமாக வந்து சேரும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஒன்று உப்பு. கடல்காற்றில் வரும் உப்பு பீங்கான் இன்சுலேட்டரின் மேல் படிந்துகொண்டே போகும். காய்ந்திருக்கும் வரை அதனால் ஒன்றும் ஆகாது. விடியற்காலைப் பனியோ லேசான தூறலோ பட்டு நனைந்ததும் அந்தப் படலம் கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும், அப்புறம் இன்சுலேட்டரைத் தாண்டி நெருப்பு பாயும். நல்ல மழை பெய்தால் உப்பு கழுவப்பட்டுவிடும். நமக்கோ மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதனால் தை, மாசியில் தொடங்கி அடுத்த மழை வரைக்கும் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். காலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ட்ரிப் கூடினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பனை மட்டை ஒடிந்து இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விழும், தொய்ந்த கம்பிகள் ஒன்றோடொன்று உரசும், சீமைக்கருவேலம் கிளை ஆடி ஆடித் தொடும். இது பகலில், காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நடக்கும்.

இன்சுலேட்டரில் நெருப்பு பாய்ந்தால் ஒரு ஃபேஸ் பூமிக்குப் போகிறது. மட்டை விழுந்தால் இரண்டு ஃபேஸ் ஒன்றோடொன்று சேருகின்றன. உங்கள் ஆலையின் மின்மாற்றி மேல்பக்கம் டெல்டா, கீழ்ப்பக்கம் ஸ்டார். அது இந்த ஃபால்ட்டை அப்படியே கீழே தராது, உருமாற்றித் தரும்.

11 கிலோவோல்ட் பஸ்ஸில் ஒரு ஃபேஸ் முழுக்கப் பூஜ்யம் ஆகிறது என்று வைப்போம். கீழே 230 வோல்ட் பக்கத்தில் எந்த ஃபேஸும் பூஜ்யம் ஆகாது. இரண்டு ஃபேஸ் 58 சதவீதத்துக்கு இறங்கும், மூன்றாவது 100 சதவீதத்திலேயே நிற்கும். இதுதான் எர்த் ஃபால்ட்டின் மோசமான எல்லை. ஃபால்ட் தள்ளி இருந்து பஸ்ஸில் அந்த ஃபேஸுக்கு 42 சதவீதம் மிஞ்சினால், கீழே இரண்டு ஃபேஸ் சுமார் 73 சதவீதத்தில் நிற்கும். ஆனால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே அளந்தால் படம் வேறு. பஸ்ஸில் பூஜ்யம் என்ற அதே மோசமான நிலையில் ஒரு ஜோடி 33 சதவீதத்துக்குப் போய்விடும், மற்ற இரண்டு ஜோடிகள் 88 சதவீதத்தில் நிற்கும். 415 வோல்ட் காயில் அந்த 33 சதவீத ஜோடியில் மாட்டியிருந்தால் தப்பவே தப்பாது. நியூட்ரலோடு சேர்த்த 230 வோல்ட் காயிலுக்கு 58 சதவீதமாவது கிடைக்கும். உப்பு அதிகமுள்ள இடத்தில் 415 வோல்ட் காயிலை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம்.

மட்டை விழுந்த நிலையில் இது தலைகீழ். பஸ் பக்கத்திலேயே இரண்டு ஃபேஸ் சேர்ந்தால் கீழே ஒரு ஃபேஸ் நியூட்ரலோடு அநேகமாகப் பூஜ்யத்துக்குப் போகும், மற்ற இரண்டும் 87 சதவீதத்தில் நிற்கும். அந்த ஒரு ஃபேஸில் உங்கள் கன்ட்ரோல் சர்க்யூட் இருந்தால் எல்லாம் விழும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். போன தடவை நின்றது, இந்தத் தடவை நிற்கவில்லை என்று ஆட்கள் குழம்புவது இதனால்தான். கன்ட்ரோலை வேறு ஃபேஸுக்கு மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மட்டை அடுத்த தடவை எந்த இரண்டு கம்பிகள் மேல் விழும் என்று யாருக்குத் தெரியும்? அது தீர்வு இல்லை.

யார் முதலில் விழுந்தார் என்று பார்ப்பது

இனி ஆலைக்குள் வருவோம். கணவாயும் இறாலும் உறைய வைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அம்மோனியா கம்ப்ரசர் ஒன்று, கண்டன்சருக்குத் தண்ணீர் பம்ப், ஃபிரீசரில் டிரைவ் மூலம் ஓடும் பெல்ட், காற்று விசிறிகள். மாசி மாதம், காலை 5:10. விளக்கு மங்கித் திரும்புகிறது. பெல்ட் நிற்கிறது. கம்ப்ரசர் ஓடுகிறது. நாலைந்து நிமிடம் கழித்து கம்ப்ரசரும் நிற்கிறது. பேனலில், அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் எச்.பி. கட்அவுட்டின் விளக்கு எரிகிறது.

கட்அவுட் விளக்கை மட்டும் பார்த்தவர் கண்டன்சரில் அடைப்பு என்று முடிவுக்கு வருவார். ஆட்களைக் கூப்பிட்டுக் குழாயெல்லாம் சுத்தம் செய்வார். அடுத்த வாரம் மறுபடியும் இதே கதை. உண்மையில் நடந்தது வேறு. டிப்பில் தண்ணீர் பம்ப்பின் கான்டாக்டர் விழுந்துவிட்டது, கம்ப்ரசரின் பெரிய கான்டாக்டர் தாக்குப்பிடித்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? கட்அவுட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. குற்றவாளி நாலு நிமிடத்துக்கு முன்னால் விழுந்த ஒரு சின்னக் கான்டாக்டர்.

அதனால் கடைசியில் நின்றதைப் பார்க்காதீர்கள், முதலில் நின்றதைத் தேடுங்கள். விளக்கு மங்கிய அந்த நொடியில் நின்றவை எவை, நிமிடங்கள் கழித்து நின்றவை எவை என்று நோட்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

பெல்ட் நின்றதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. டிரைவின் ஃபால்ட் பதிவைப் பாருங்கள். `UV` என்றோ `DC UNDERVOLTAGE` என்றோ இருந்தால் டிரைவுக்கே வோல்டேஜ் போதவில்லை. பதிவில் ஒன்றுமே இல்லாமல், டிரைவ் சும்மா நின்று தயார் நிலையில் இருந்தால், அதற்கு வந்துகொண்டிருந்த ரன் கட்டளை அறுந்துபோயிருக்கிறது. ஆட்கள் வந்தவுடன் டிரைவைக் குறை சொல்வார்கள், ஆனால் எர்த் ஃபால்ட்டில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் நடக்கும். மூன்று ஜோடிகளில் எந்த ஜோடி அதிகமாக இருக்கிறதோ அதிலிருந்து டிரைவின் கெப்பாசிட்டர் நிரம்பிக்கொள்ளும். எர்த் ஃபால்ட்டின் மோசமான நிலையிலும் இரண்டு ஜோடிகளில் 88 சதவீதம் இருக்கிறது, மட்டை விழுந்த நிலையில் ஒரு ஜோடி முழுசாகவே இருக்கிறது. டிரைவ் அதில் பிழைத்துவிடும். பிழைக்காதது, அதற்குக் கட்டளை கொடுக்கும் 230 வோல்ட் கண்ணாடி ரிலே. நிறையச் சுமையோடு ஓடும் டிரைவ்களில் ஃபேஸ் லாஸ் என்று விழுவதும் உண்டு, அது பதிவில் தெரிந்துவிடும்.

சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரையும் மறக்க வேண்டாம். மூன்று ஃபேஸும் சமமாக இல்லை என்றால் மோட்டாரை நிறுத்துவது அதன் வேலை. டிப் நேரத்தில் ஃபேஸ்கள் சமமாக இருக்காது என்று மேலே பார்த்தோம். தாமதம் பூஜ்யத்தில் வைத்திருந்தால் அதுவே முதல் ஆளாக விழும்.

காயிலை மேசையில் வைத்துப் பார்ப்பது

சந்தேகப்படும் கான்டாக்டரையும் ரிலேயையும் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். பேனலில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். காயிலுக்கு ஒரு வேரியாக் மூலம் 230 வோல்ட் கொடுங்கள். இழுத்துப் பிடித்ததும் மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் ஹம் கூடும். பிறகு தடதடவென்று அதிரும். அப்புறம் விடும். அதிர ஆரம்பித்த வோல்டையும் விட்ட வோல்டையும் எழுதிவையுங்கள். 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே எங்கே விட்டாலும் ஏ.சி. கான்டாக்டர் தரநிலைக்கு உட்பட்டதே. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு கம்பெனி கான்டாக்டர்களில் ஒன்று 160 வோல்டில் விடும், இன்னொன்று 90 வோல்ட் வரை பிடிக்கும். இரண்டும் நல்ல சரக்குதான், இந்தக் கரைக்குப் பொருந்துவது இரண்டாவது.

உப்புக்காற்றில் வேலை செய்யும் பேனலில் கழற்றிய கான்டாக்டரின் இரும்பு முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். துரு பூத்துச் சொரசொரப்பாக இருந்தால் அது சரியாக ஒட்டாது, கொஞ்சம் அதிக வோல்டிலேயே விட்டுவிடும். புதிதாக ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. நீங்கள் மெதுவாகக் குறைக்கிறீர்கள், டிப் அப்படி வருவதில்லை. அலையின் எந்தப் புள்ளியில் டிப் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து அதே கான்டாக்டர் ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை விடும். மேசையில் 50 சதவீதம் வரை பிடித்தது என்றால் லைனில் 60, 65 சதவீதத்திலேயே விடலாம் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிரும் அளவையும் பொருட்படுத்துங்கள், அதிர்ந்துகொண்டே சுமை ஓடினால் முனைகள் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும்.

சரிசெய்வது: கன்ட்ரோலிலிருந்து தொடங்குங்கள்

மொத்த ஆலைக்கும் ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். சாதாரண சர்வோ ஸ்டெபிலைசர் மோட்டார் சுற்றித் திருத்துவது. 150 மில்லிவினாடி டிப்பை அது கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மோட்டார்களுக்கு இந்த அரை வினாடியில் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் வேகம் குறைந்து மீளும். விழுவது கன்ட்ரோல் மட்டும். அதைத் தாங்க வைத்தால் போதும்.

டிரைவின் ரன் கட்டளை, பி.எல்.சி., சின்ன ரிலேக்கள் எல்லாவற்றையும் 24 வோல்ட் டி.சி.க்கு மாற்றிவிடுங்கள். 85 முதல் 264 வோல்ட் வரை வேலை செய்யும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று போதும். 85 வோல்ட் என்றால் 230-இல் 37 சதவீதம். எர்த் ஃபால்ட்டில் மோசமாக 58 சதவீதத்துக்குத்தான் இறங்குகிறது என்பதால் அந்த டிப்பே அதற்குத் தெரியாது. மட்டை விழுந்து ஒரு ஃபேஸ் பூஜ்யமானால் மட்டும் சிக்கல். அதற்கு மூன்று ஃபேஸிலும் இணைக்கும் வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸோ ஒரு பஃபர் மாட்யூலோ உதவும். சுமையைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் வைத்தால் எஸ்.எம்.பி.எஸ். இன்னும் கொஞ்ச நேரம் தன் கெப்பாசிட்டரிலேயே தாங்கும்.

பம்ப், விசிறி, கம்ப்ரசர் கான்டாக்டர்களின் 230 வோல்ட் காயில்களுக்கு ஒரு சி.வி.டி. போடலாம். சர்வோ இல்லாத, இரும்பும் கெப்பாசிட்டரும் மட்டும் உள்ள கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சொல்கிறேன். அதை முழுச் சுமையில் ஓட்டினால் வோல்டேஜ் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரைதான் தாங்கும், பாதிக்குக் கீழே ஓட்டினால் 40 சதவீதமே மிஞ்சும் டிப்பையும் தாங்கும். நாலு காயில்கள் பிடித்திருக்கும்போது மொத்தம் 120 வி.ஏ. என்று வைப்போம். ஆனால் பெரிய கான்டாக்டர் இழுக்கும் நொடியில் மட்டும் 300 வி.ஏ. கேட்கும். அதையும் சேர்த்துப் பாதிக்குக் கீழே வைத்திருக்க 1 கே.வி.ஏ. சரியான அளவு. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு காயிலுக்கும் முன்னால் போடும் சின்ன ஹோல்ட் மாட்யூல்கள் கிடைக்கின்றன. வோல்டேஜ் 25 சதவீதம் மிஞ்சினாலும் காயிலைப் பிடித்துவைக்கும், பூஜ்யமானால் விட்டுவிடும்.

யு.பி.எஸ். போடுகிறவர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கரண்ட் உண்மையிலேயே போனால் கான்டாக்டர்கள் யு.பி.எஸ். தயவில் பிடித்தபடியே நிற்கும். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் டெல்டாவிலேயே நின்றிருக்கும் என்பதால் கம்ப்ரசர் நேராக டெல்டாவில், சுமையோடு எழ முயலும். அம்மோனியா கம்ப்ரசருக்கு இது ஆபத்து. பக்கத்தில் கை வைத்திருப்பவருக்கு அதைவிட ஆபத்து. எனவே மெயின்ஸைப் பார்க்கும் ஒரு ரிலேயும், யு.பி.எஸ்.ஸிலிருந்து ஓடும் ஒரு ஆஃப் டிலே டைமரும் கட்டாயம். மெயின்ஸ் ஒரு வினாடிக்கு மேல் வராவிட்டால் கன்ட்ரோலை அது அறுக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரசர் சீக்கிரம் வேகமிழக்கும், அதற்கு அரை வினாடி போதும்.

எதைப் போட்டாலும் எமர்ஜென்சி ஸ்டாப், எச்.பி. கட்அவுட், எண்ணெய் அழுத்தக் கட்அவுட் எல்லாம் சி.வி.டி.க்கோ யு.பி.எஸ்.ஸுக்கோ பிறகு, காயிலுக்கு முன்னால் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து காயில் உடனே விடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டருக்கு இரண்டு வினாடி தாமதம் வையுங்கள். ஒரு ஃபேஸ் இல்லாமல் இரண்டு வினாடி ஓடினால் மோட்டார் எரியாது. டிரைவில் தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகும் அமைப்பு இருக்கும். விசிறிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், பெல்ட்டுக்கு வேண்டாம். நின்ற பெல்ட்டில் ஒட்டிக்கொண்ட இறாலை எடுக்க ஆட்கள் கை விடுவார்கள்.

கண்டன்சர் பம்ப் நின்றால் கம்ப்ரசரும் உடனே நிற்கும்படி ஒரு இன்டர்லாக் இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். டிப் வராத நாளிலும் அது வேண்டும்.

வாரியத்திடம் என்ன கேட்பது

மூன்று நாலு மாத நோட்டு கையில் இருந்தால் பிரிவு அலுவலகத்துக்குப் போய் ஏ.இ.யைப் பாருங்கள். அடிக்கடி கரண்ட் பிரச்சினை என்று பொதுவாகச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, நிமிடம், எந்த ஃபீடர், எர்த் ஃபால்ட்டா ஓவர் கரண்ட்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விடியற்காலை எர்த் ஃபால்ட் அதிகம் என்றால், அந்தக் குறிப்பிட்ட ஃபீடரில் சப்ஸ்டேஷனிலிருந்து முதல் மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் இன்சுலேட்டரைத் துடைக்கவோ பாலிமர் வகைக்கு மாற்றவோ கேளுங்கள். காற்றுக்கால ஓவர் கரண்ட் என்றால் அதே மூன்று கிலோமீட்டரில் பனை மட்டை, கருவேலம் வெட்டவும் தொய்ந்த ஸ்பானை இழுத்துக் கட்டவும் கேளுங்கள். இருபது கிலோமீட்டரையும் சரிசெய்யச் சொன்னால் எஸ்டிமேட் போட்டு வைத்துவிடுவார்கள். மூன்று கிலோமீட்டர் என்றால் ஒரு லைன் பணிநிறுத்த நாளில் பெரும்பகுதி முடிந்துவிடும். துடைக்கும் வேலையை மாசிக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். துடைத்த நாளை நோட்டில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் ஐந்து மணி ட்ரிப்புகளைத் தனியாக எண்ணிக்கொண்டு வாருங்கள்.